காலை இட்லி இறங்காததற்கு முந்தைய ராத்திரிதான் காரணம்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். வயது 17, எடை 52 கிலோ. இன்னும் மூன்று வாரத்தில் பொதுத்தேர்வு. ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிறான். தூக்கம் வரக்கூடாது என்று பெட்டிக்கடையில் விற்கும் எனர்ஜி ட்ரிங்க் பாட்டில் பத்து மணிக்கு ஒன்று, சில நாள் பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று குடிக்கிறான். காலை ஆறரைக்கு எழுப்பினால் "வயித்தைப் பிரட்டுதும்மா" என்று இட்லியைத் தொடுவதில்லை. ஒரு டீ, நாலு பிஸ்கட்டோடு கிளம்பிவிடுகிறான். திருப்புதல் தேர்வில் பதினொன்றரை மணிக்குக் கை நடுங்குகிறது, தெரிந்த பதிலே மறந்துபோகிறது என்கிறான். மத்தியானம் வந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுகிறான். நான் பனியன் கம்பெனி வேலைக்கு ஏழரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். ஞாபக சக்திக்குப் பவுடரோ டானிக்கோ வாங்கித் தரலாமா? முட்டை கொடுத்தால் வெயிலுக்குச் சூடு என்கிறார்களே?
— ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பவை ஐந்தாறு தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தெரியும். உண்மையில் எல்லாம் ஒரே சங்கிலி, அதன் முதல் கண்ணி ராத்திரி பத்து மணிப் பாட்டில். அதை விட்டுவிட்டுக் காலையில் இட்லிக்குப் பதில் தோசை, தோசைக்குப் பதில் சத்துமாவு என்று மாற்றிப் பார்த்துப் பயனில்லை. அதனால் ராத்திரியிலிருந்தே தொடங்குகிறேன்.

பகல் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கினால் குறையும். எனர்ஜி ட்ரிங்கில் இருக்கும் காஃபின், அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கிறது, அது தெரியாமல் மட்டும் போகிறது. பாட்டிலில் இருப்பது சக்தி என்று பையன்கள் நினைக்கிறார்கள். சர்க்கரையை விட்டால் அதில் சக்தி என்று எதுவும் இல்லை.

எவ்வளவு காஃபின் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பாட்டிலின் பின்புறம் 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் காஃபின் என்று அச்சிட்டிருப்பார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி இந்தவகைப் பானத்தில் ஒரு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். 100 மில்லிக்கு 29 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 250 மில்லி பாட்டிலில் சுமார் 72. சர்க்கரை அளவும் அதே அட்டவணையில் இருக்கும், அதையும் இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். இது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் அங்கேயே பொடி எழுத்தில் இருக்கும், அதை அவன் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. வளரும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமான காஃபின், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் கவலையில்லை என்று அதில் சொன்னார்கள். உங்கள் மகனின் 52 கிலோவுக்கு அது 156. படுக்கும் நேரத்தை ஒட்டிக் குடித்தால் கிலோவுக்கு 1.4 மில்லிகிராமே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கப் போதும் என்றும் சொன்னார்கள். அது 73. ஆக ஒரே பாட்டிலில் அவன் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறான். இரண்டு பாட்டில் குடிக்கும் நாளில் அதுவே 145. காலை டீயைச் சேர்த்தால் நாள் முழுவதற்குமான அளவையும் தாண்டிவிடுகிறான்.

குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும். பன்னிரண்டு மணிக்குக் குடித்த பாட்டிலில் பாதி, விடியற்காலை ஐந்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்குப் படுத்தாலும் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகாமல் மேலோட்டமாகவே மிதப்பான். ஆறரைக்கு எழுப்பும்போது அவன் உடலுக்கு அது நடுராத்திரி. நடுராத்திரியில் யாருக்குத்தான் பசிக்கும்? பத்து மணிக்கு மேல் படிக்கும்போது கொறித்த மிக்சர், பிரட், வாங்கிவந்த பரோட்டா என்று ஏதாவது இருந்திருந்தால் அதன் மிச்சமும் வயிற்றில் கனமாக இருக்கும். பிரட்டல் என்று அவன் சொல்வது பெரும்பாலும் இதுதான். இட்லியின் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை.

பதினொன்றரை மணி நடுக்கத்துக்கு வருவோம். முந்தைய ராத்திரி எட்டு, எட்டரைக்குச் சாப்பிட்டதற்குப் பிறகு அவனுக்கு ஒழுங்கான உணவே கிடையாது. ராத்திரி முழுக்க மூளைக்குத் தேவையான சர்க்கரையைக் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் இனிப்பு டீயும் நாலு பிஸ்கட்டும் உள்ளே போகின்றன. மைதாவும் சர்க்கரையும் வேகமாகச் செரித்து, வேகமாகவே தீர்ந்துபோகும். அடுத்த உணவு வரும்வரை சமாளிக்க, உடல் அட்ரினலினைச் சுரந்து கையிருப்பைக் கரைக்கச் சொல்கிறது. கை நடுங்குவது, நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது எல்லாம் அந்த அட்ரினலினின் வேலை. காஃபினும் அதையே தூண்டும், தேர்வு பயமும் அதையே தூண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டால் பேனா பிடிக்கிற கை ஆடத்தான் செய்யும்.

தெரிந்த பதில் மறந்துபோவதற்கு மட்டும் பசியைவிடத் தூக்கத்தின் மேல்தான் நான் பழி போடுவேன். அன்றன்று படித்ததை மூளை நிலையாக அடுக்கி வைப்பது தூங்கும்போதுதான். இரண்டிலிருந்து ஆறரை வரை நாலரை மணி நேரம். அவன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பாதித் தூக்கத்தில் பாதிப் பாடம்தான் அடுக்கப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்காகச் சொன்னால் அப்படி நேர் பாதி இல்லைதான், ஆனால் அவனுக்கு உறைக்கும்.

இனி செய்ய வேண்டியது. பாட்டிலை இன்றே நிறுத்தலாம், ஆனால் காஃபினை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினமும் காஃபின் எடுத்துப் பழகியவர் சட்டென்று விட்டால் 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். கூடவே எரிச்சல், அசதி, புத்தகத்தில் மனம் ஒட்டாமை. இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் இழுக்கும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதல் தேர்வன்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் உண்டு. உங்களுக்கு மூன்று வாரம் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி.

முதல் நான்கு நாள் ராத்திரிப் பாட்டிலுக்குப் பதிலாக மாலை நான்கு மணிக்கு ஒரு டம்ளர் காபி, இன்ஸ்டன்ட் தூள் தலைதட்டி ஒரு டீஸ்பூன் போட்டது. அதில் ஏறக்குறைய 50 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும். ஃபில்டர் காபி வேண்டாம். டிகாக்‌ஷன் கெட்டியைப் பொறுத்து அதில் 80 முதல் 120 வரைகூடப் போகும், அளவு நம் கையில் நிற்காது. அடுத்த நான்கு நாள் அதே நான்கு மணிக்கு அரை டீஸ்பூன். ஒன்பதாம் நாளிலிருந்து மாலைக் காபி கிடையாது. காலையில் குடிக்கும் ஒரு டீயை மட்டும் கடைசிவரை விட்டுவிடுங்கள், தேர்வு நாளிலும் அது இருக்கட்டும். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் வயிற்றில் கொடுக்காமல், சாப்பிட்டு முடித்துச் சற்று நேரம் கழித்துக் கொடுத்தால் பிரட்டலும் குறையும், உணவிலுள்ள இரும்புச் சத்தை டீ தடுப்பதும் குறையும்.

படுக்கும் நேரத்தையும் இப்படித்தான் இறக்க வேண்டும். இரண்டு மணிக்குப் படுப்பவனை நாளையே பத்தரைக்குப் படு என்றால் புரண்டுகொண்டிருப்பான், பிறகு எழுந்து போனை எடுப்பான். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் நகர்த்துங்கள். இரண்டு மணி ஒன்றரையாகி, ஒன்றாகி, இரண்டு வாரத்தில் பத்தரை, பதினொன்றுக்கு வந்துவிடும். எழும் நேரம் மட்டும் முதல் நாளிலிருந்தே ஆறு மணி, ஞாயிறு உட்பட. முதல் வாரம் திண்டாடுவான். எழும் நேரம் மாறாமல் இருந்தால்தான் படுக்கும் நேரம் தானாக முன்னால் வரும்.

"மூணு மணி நேரப் படிப்பு போச்சே" என்பான். போகவில்லை, மத்தியானத்தில் இருக்கிறது. ஒன்றரைக்கு வந்து சாப்பிட்டு இரண்டிலிருந்து ஐந்து வரை அவன் தூங்கும் மூன்று மணி நேரம்தான், ராத்திரி பத்து மணிக்கு அவனை மொட்டு மொட்டென்று விழித்திருக்க வைக்கிறது. மாலைவரை சேரவேண்டிய அடினோசினைப் பகல் தூக்கமே தின்றுவிடுகிறது. அந்தத் தூக்கத்தை 25 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். அலாரம் வைத்து, முடிந்தால் கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் சாய்ந்தபடி, மூன்று மணிக்கு முன்பாக முடிகிற மாதிரி. அரை மணியைத் தாண்டினால் ஆழ்தூக்கத்துக்குள் போய்விடுவான், அதிலிருந்து எழுப்பினால் இன்னும் ஒரு மணி நேரம் மந்தமாகத்தான் இருப்பான். 25 நிமிடத்தில் எழுந்துவிட்டால் ராத்திரி இழந்ததில் இரண்டரை மணி நேரம் பகலிலேயே கைக்கு வந்துவிடும்.

அப்படி எழ வேண்டுமென்றால் மத்தியானத் தட்டு மாற வேண்டும். பகல் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் கொஞ்சம் சொக்குவது உடம்பின் இயல்பான கடிகாரம், சாப்பிடாதவருக்கும் அது வரும். காலையிலிருந்து பட்டினி கிடந்தவன் ஒரே மூச்சில் ஒரு தட்டுச் சோற்றை இறக்கும்போது அந்தச் சொக்கல் மூன்று மணி நேரத் தூக்கமாகிவிடுகிறது. வந்தவுடன் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ குடிக்கட்டும். பிறகு கூட்டு அல்லது பொரியல் ஒரு கிண்ணம், அதோடு சுண்டலோ முட்டையோ மீனோ. சோறு அதற்குப் பிறகு, ஒன்றரைக் கிண்ணம் போதும், பருப்பு அல்லது சாம்பார் தாராளமாக, கடைசியில் கொஞ்சம் தயிர். எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுப்பது வேலைக்குப் போகிற அம்மாக்களுக்குச் சுலபம்தான், ஆனால் அது மாவுக்குத் துணை மாவு. அந்த வறுவலுக்குப் பதில் வேகவைத்த நிலக்கடலையோ பட்டாணியோ வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இப்போது காலைச் சாப்பாடு. பிளஸ் டூ தேர்வில் பத்து மணிக்கு உட்கார்ந்தால் வினாத்தாள் படிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், பிறகு பத்தேகாலிலிருந்து ஒன்றேகால்வரை எழுத வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பிடுவது ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும் என்று அர்த்தம். மாவுச்சத்து மட்டும் இருந்தால் தாங்காது. அதோடு புரதம் சேர்ந்தால்தான் செரிமானம் நிதானமாகி, சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வரும்.

இட்லியையே எடுத்துக்கொள்வோம். மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான். நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் வயிறு நிறையும், பதினொன்றரைக்குப் பசிக்கும். அதையே மூன்று இட்லி, பருப்பு கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை என்று மாற்றினால் முட்டையில் 6 கிராம், சாம்பாரில் நாலைந்து கிராம், இட்லியில் ஐந்தாறு கிராம் என்று 15 கிராமுக்குமேல் புரதம் வந்துவிடும். ஒன்றேகால்வரை நிற்கும். முட்டைக்குத் தனி அடுப்பு வேண்டாம், இட்லிப் பானையில் ஓட்டோடு நன்றாகக் கழுவி ஓரத்தில் வையுங்கள், இட்லி வெந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் கெட்டியாக வெந்துவிடும். முட்டை சாப்பிடாத நாளில் ஒரு கைப்பிடி பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்தது. பொங்கல் என்றால் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு, நெய் ஒரு டீஸ்பூன். ஓட்டல் பொங்கல் மாதிரி நெய் மிதந்தால் வயிற்றிலேயே கிடந்து கண்ணைச் சொருக வைக்கும். அதே காரணத்துக்காக பூரி, வடை, பரோட்டா ஆகியவை தேர்வு முடிந்த மத்தியானத்துக்கு இருக்கட்டும்.

இதை நாளைக் காலையே தட்டில் வைத்தால் தொடமாட்டான். படிப்படியாகப் போங்கள். முதல் மூன்று நாள் எழுந்தவுடன் ஒரு டம்ளர் தண்ணீர், ஏழரை மணிக்கு ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால். அவ்வளவுதான், கட்டாயப்படுத்த வேண்டாம். நான்காம் நாளிலிருந்து ஒரு இட்லியும் முட்டையும். ஒரு வாரம் கழித்து இரண்டு இட்லி. ராத்திரித் தூக்கம் முன்னால் நகர நகரக் காலைப் பசி தானாகவே எழுந்து வரும், நீங்கள் தள்ள வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாடு எட்டு, எட்டரைக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம். பத்து மணிக்கு மறுபடி பசித்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால், சர்க்கரை குறைவாக. பாலில் தூக்க மருந்து இருக்கிறது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பசியோடு படுத்தால் தூக்கம் கலையும், அதற்காகத்தான் பால்.

நீங்கள் ஏழரைக்குக் கிளம்பிவிடுவதால், எட்டு மணிக்கு அவன் தனியாகச் சாப்பிடுவானா என்பதுதான் நிஜமான சிக்கல். ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போனால் பாதி நாள் அது மாலைவரை அப்படியே இருக்கும். அதனால் ஏழேகாலுக்கு உங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். முக்கால் மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுவதால், ஒன்பதே காலுக்கு ஹாலுக்கு வெளியே சாப்பிட ஏதாவது கையில் கொடுங்கள். ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு கைப்பிடி வறுத்த கடலை, இரண்டில் ஒன்று. சாக்லேட், குளுக்கோஸ் பவுடர் வேண்டாம். வெறும் குளுக்கோஸ் சட்டென்று ஏறி, அவன் இரண்டு மதிப்பெண் கேள்விகளை முடித்து நெடுவினாக்களுக்குப் போகும்போது தீர்ந்திருக்கும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. 52 கிலோ எடையில் ஒரு சதவீதம் என்பது அரை லிட்டர். உடலில் ஒன்றிரண்டு சதவீத நீர் குறைந்தாலே கவனம் சிதறவும் தலை வலிக்கவும் தொடங்கிவிடும். மார்ச் வெயிலில் பஸ்ஸில் நின்றபடி போய்ச்சேர்வதற்குள்ளேயே அரை லிட்டர் வியர்த்துவிடலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் ஏராளம், ஆண் பிள்ளைகளிலும் உண்டு. எழுந்தவுடன் ஒரு டம்ளர், சாப்பாட்டோடு ஒரு டம்ளர், ஒன்பது மணிக்கு அரை டம்ளர், ஒன்பதே முக்காலுக்குக் கழிப்பறை. இந்த வரிசையில் போனால் நடுவில் எழுந்து போக வேண்டியும் வராது, நாக்கும் வறளாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் இருக்கிறது, அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை.

முட்டைச் சூடு பற்றிக் கேட்டீர்கள். தினமும் ஒன்றிரண்டு முட்டையால் இந்த வயதுப் பையனுக்கு எந்தக் கேடும் இல்லை. வெயில் காலத்தில் சூடு என்று நாம் சொல்லும் நீர்க்கடுப்பு, வாய் வறட்சி, மலச்சிக்கல் எல்லாம் பெரும்பாலும் தண்ணீர் குறைந்ததால் வருபவை. மேலே சொன்ன தண்ணீரும், மத்தியானம் ஒரு டம்ளர் மோரும் இருந்தால் முட்டையின் மேல் பழி விழாது.

பவுடர், டானிக் விஷயத்தில் உங்கள் பணத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். மூன்று வாரத்தில் ஞாபக சக்தியை ஏற்றித் தரும் டானிக் எதுவும் கிடையாது. பாலில் கலக்கும் மால்ட் பவுடர்கள் பலவற்றில் கணிசமான பங்கு சர்க்கரைதான். டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை வரியைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இவற்றை "ஹெல்த் ட்ரிங்க்" என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். வல்லாரைத் துவையல் பிடித்தால் சாப்பிடட்டும், அது நல்ல கீரை. நாளைக்குத் தேர்வு என்றால் இன்றைக்குச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாது. பவுடருக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்று வாரத்துக்கான முட்டையும் கடலையும் வாங்கி, மிச்சமும் இருக்கும்.

தேர்வு நாட்களில் புதிதாக எதையும் முயல வேண்டாம், புதுச் சத்துமாவு உட்பட. வழக்கத்தில் இல்லாததைக் கொடுத்து வயிறு கலங்கினால் அந்த மூன்று மணி நேரம் திரும்பி வராது. வெளியில் வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ், பானிபூரி மூன்றும் கடைசித் தேர்வு முடியும்வரை கூடாது. வீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள், காலை ஆறு மணிக்கு அரைத்த தேங்காய்ச் சட்னியை மத்தியான டப்பாவில் வைக்காதீர்கள். மார்ச் வெக்கையில் ஒரு மணிக்குள் புளித்துவிடும்.

முழு ஏற்பாட்டையும் தேர்வுக்கு ஐந்தாறு நாள் முன்பாக ஒரு விடுமுறை நாளில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஆறு மணிக்கு எழுந்து, ஏழேகாலுக்கு அதே இட்லி முட்டை, ஒன்பதே காலுக்கு அதே வாழைப்பழம், பத்தேகாலிலிருந்து ஒன்றேகால்வரை பழைய வினாத்தாள் ஒன்றை உட்கார்ந்து எழுதட்டும். எத்தனை மணிக்குப் பசித்தது, எப்போது சோர்ந்தது என்று தாளின் ஓரத்தில் நேரம் குறிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டுக்கு முன் பசித்தால் காலையில் இன்னும் அரைக் கிண்ணம் பருப்போ இன்னொரு முட்டையோ வேண்டும். பத்தரைக்கே கண் சொருகினால் சாப்பாடு அதிகம், அல்லது முந்தைய ராத்திரித் தூக்கம் குறைவு. எது என்று அவனுக்கே தெரியும்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் சாப்பாட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எனர்ஜி ட்ரிங்க் குடித்த பிறகு நெஞ்சு வலித்தாலோ, துடிப்பு தப்பித் தப்பி அடித்தாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். எத்தனை பாட்டில் குடித்தான் என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் தூங்கி, இரண்டு வாரம் கழித்தும் நடுக்கமும் அசதியும் போகவில்லை என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவது ஆகியவையும் கூட இருந்தால் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே ரத்தச் சர்க்கரை பாருங்கள்.

— உணவியல் ஆலோசகர்